முத்திரை அட்டைக்குப் படக்குறிப்பு எழுதுவது எப்படி? டர்பன் ரொட்டிக் கடை ஒன்றை வைத்து முழுமையான வழிகாட்டி

ரோல் வாங்கும்போது முத்திரை குத்தித்தரும் அட்டையைப் படமெடுத்து, இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ அந்தப் படத்துக்குக் கீழே “எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு ரோல் இலவசம்” என்று ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட்டு, மறுநாள் முழுவதும் கல்லாவில் நின்று விளக்கம் சொல்லும் கடைக்காரர்கள் டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குறைவில்லை. மட்டன் ரோலும் இலவசமா? ஒரே நாளில் எட்டு வாங்கினால் உண்டா? அட்டையை வீட்டில் வைத்துவிட்டேன், என்ன செய்வது? கேள்விகள் எல்லாம் நியாயமானவை. அந்த ஒரு வரியில் எதற்கும் பதில் இல்லை.

இந்தப் பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்கு இத்தகைய குறிப்புகளை எழுதித் தருகிறேன். புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் தடுக்குவது ஒரே இடத்தில்தான்: பரிசைப் பற்றிக் குதூகலமாகத் தொடங்கி, அதைப் பெறும் வழியைக் கடைசியில் அரை வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். பரிசு கைமாறும் அந்த நிமிடத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி வந்து முத்திரையின் விதிகளை எழுதுங்கள். கவர்ச்சியான முதல் வரியை எல்லாம் முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். ரொட்டி ரோல் விற்கும் சிறிய டேக்அவே. காய்ந்த சுகர் பீன்ஸ் கறி வைத்த ரோலும் உருளைக்கிழங்கு ரோலும் 40 ராண்ட், மட்டன் ரோல் 75 ராண்ட்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்கவேண்டியவை

விலைப்பட்டியல், ஒவ்வொரு ரோலுக்கும் ஆகும் அடக்கச் செலவு, அச்சுக்குப் போகும் அட்டையின் மாதிரி, கல்லாவில் நிற்பவர் ஒருவர். இந்த நான்கும் வேண்டும். நான்காவதை யாரும் அழைப்பதில்லை. உரிமையாளர் திட்டத்தை அறிவார். ஆனால் வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்பது கல்லாக்காரருக்குத்தான் தெரியும்.

அட்டையின் மாதிரி வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. படத்தில் பத்து வட்டங்கள் இருக்க, குறிப்பில் எட்டு முத்திரை என்று வந்தால் இரண்டில் எது விதி? வாடிக்கையாளர் தமக்குச் சாதகமானதைத்தான் சொல்வார், அதில் தவறில்லை. அட்டையும் குறிப்பும் எண்ணிக்கைவரை ஒத்துப்போகவேண்டும். நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள். ஆகவே தமிழ்க் குறிப்போடு ஆங்கிலக் குறிப்பும் போகும். ஒன்றில் இருக்கும் விதி மற்றதில் விடுபடக்கூடாது.

2. பரிசு எது என்பதைப் பொருளின் பெயரோடு முடிவுசெய்யுங்கள்

“ஒரு ரோல் இலவசம்” என்பது பரிசின் பெயர் அல்ல. எந்த ரோல் என்பதில்தான் கடையின் பணம் இருக்கிறது. பீன்ஸ் ரோலுக்கு 14 ராண்டும் மட்டன் ரோலுக்கு 38 ராண்டும் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் எட்டு பீன்ஸ் ரோல் வாங்குகிறார், 320 ராண்ட் தருகிறார். விதியில் “ஏதேனும் ஒரு ரோல்” என்று இருந்தால் அவர் மட்டன் ரோல்தான் கேட்பார். யாராயிருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். கடைக்கு 38 ராண்ட் செலவு, அதாவது அவர் தந்த பணத்தில் ஏறக்குறைய 12 சதவீதம். சிறிய கடை தாங்கக்கூடிய தொகை அல்ல. “பீன்ஸ் ரோல் மட்டுமே” என்று இறுக்கினால் செலவு 14 ராண்டாக இறங்கும். ஆனால் எட்டு மட்டன் ரோலுக்கு 600 ராண்ட் கொடுத்தவர் கையில் பீன்ஸ் ரோலைத் திணித்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது இடைப்பட்ட வழி. பரிசு பீன்ஸ் ரோல் அல்லது உருளைக்கிழங்கு ரோல். மட்டன் வேண்டுமென்றால் விலை வித்தியாசமான 35 ராண்டைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இப்போது கணக்கைப் பாருங்கள். மட்டன் ரோலுக்குக் கடையின் அடக்கம் 38, வாடிக்கையாளர் தருவது 35. கையைவிட்டுப் போவது 3 ராண்ட்தான். வாடிக்கையாளருக்கோ 75 ராண்ட் ரோல் 35க்குக் கிடைக்கிறது. இருவருக்கும் வருத்தமில்லை.

“எட்டு வாங்கினால் ஒன்பதாவது இலவசம்” என்பதற்கும் “எட்டாவது இலவசம்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவதில் எட்டுக்குப் பணம் வருகிறது, இரண்டாவதில் ஏழுக்குத்தான். இரண்டையும் ஒரே குறிப்பில் கலந்து எழுதியவர்கள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தலைப்பிலும் விதியிலும் அதே சொற்களை வையுங்கள்.

3. பரிசைப் பெறும் வழியை எழுதுங்கள்

இதில் சட்டமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு வாடிக்கையாளர் விசுவாசத் திட்டங்களைப் பற்றியது. பெரிய சூப்பர்மார்க்கெட்டின் பிளாஸ்டிக் அட்டைக்கு மட்டும்தான் அது என்று நினைக்கவேண்டாம். சேர்த்துவைத்து ஒரு பொருளைக் கேட்க உரிமை தரும் எந்த அடையாளமும், அதன் பெயரும் வடிவமும் எதுவாக இருந்தாலும், அதற்குள் அடங்கும். மையில் குத்திய முத்திரையும் அப்படித்தான்.

திட்டத்தை அறிவிக்கும் ஆவணம் நான்கு செய்திகளைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது அந்தப் பிரிவு: சலுகையின் தன்மை, அது எந்தப் பொருள்களுக்கு உரியது, சேரவும் பயன்பெறவும் வாடிக்கையாளர் செய்யவேண்டியவை, யாரிடம் எங்கே எப்போது பெறலாம் என்பது. குறிப்பை எழுதி முடித்ததும் இந்த நான்கையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தேடிப்பாருங்கள். அநேகமாக நான்காவதுதான் இருக்காது.

அதே பிரிவு தடுக்கும் ஒன்றைப் பல கடைகள் அறியாமல் எழுதிவிடுகின்றன. “இலவச ரோல் பெறும்போது ஒரு குளிர்பானம் வாங்கவேண்டும்” என்பது அந்த வரி. முத்திரைகளைக் கொண்டுவந்து நீட்டுபவரை மேலும் ஏதாவது வாங்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது. சேர்த்த முத்திரையே போதுமான விலை. மட்டனுக்கு வித்தியாசம் கொடுப்பது வேறு. அங்கே எதுவும் கொடுக்காமலே பீன்ஸ் ரோலை எடுத்துக்கொண்டு போக வழி இருக்கிறது, வித்தியாசத்தைத் தருவது அவர் விருப்பம்.

பரிசுப் பொருள் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குப் போதுமான அளவில் இருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. பீன்ஸ் கறி மதியம் இரண்டு மணிக்கே தீர்ந்துவிடும் கடையில் பரிசாக பீன்ஸ் ரோலை மட்டும் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அதற்காகவே உருளைக்கிழங்கையும் சேர்த்தோம்.

பெறும் வழியில் எழுதவேண்டிய செயல்கள் மூன்று. ஆர்டர் சொல்லும்போதே நிறைந்த அட்டையைக் காட்டவேண்டும். பில் போட்டபின் காட்டினால் பில்லை ரத்துசெய்து மறுபடி போடவேண்டும், பின்னால் வரிசை நீளும். அடுத்து, அட்டையைக் கடையிலேயே கொடுத்துவிடவேண்டும். கல்லாக்காரர் அதை அவர் கண்முன்னே கிழித்துப் போடுவது நல்லது, இல்லையென்றால் அதே அட்டை அடுத்த வாரமும் வந்து நிற்கும். மூன்றாவது, எட்டாவது முத்திரை விழுந்த அன்றே பரிசு உண்டா, அடுத்த வருகையிலா என்பது. அடுத்த நாளிலிருந்து என்பதே என் வழக்கம். வாடிக்கையாளரை இன்னொரு முறை வரவைப்பதற்குத்தானே இத்தனை ஏற்பாடும். எதுவானாலும் எழுதிவிடுங்கள். மனத்தில் வைத்திருக்கும் விதியைக் கல்லாவில் சொன்னால் அது அப்போதே புனைந்ததாகத்தான் தெரியும்.

4. முத்திரை எப்போது விழும், எப்போது விழாது

ஒரு ரோலுக்கு ஒரு முத்திரை. பீன்ஸ், உருளைக்கிழங்கு, மட்டன் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். “ஒவ்வொரு வருகைக்கும் ஒரு முத்திரை” என்று எழுதினால் மதிய இடைவேளையில் தொழிற்சாலைத் தோழர்கள் ஐவருக்கும் சேர்த்து வாங்கவருபவர் என்ன செய்வார்? ஐந்து தடவை வரிசையில் நிற்பார், அல்லது முறைத்துக்கொண்டு போவார். ரோலுக்கு ஒன்று என்பதே சிக்கலற்றது.

ஆனால் மேல்வரம்பு வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு அறுபது ரோல் ஆர்டர் கொடுப்பவர் ஏழு இலவச ரோல் கேட்கலாம். மொத்த ஆர்டருக்கு ஏற்கெனவே விலை குறைத்திருப்பீர்கள், அதன்மேல் இதுவும் சேரும். ஒரு பில்லுக்கு அதிகபட்சம் எட்டு முத்திரை, அதாவது ஓர் அட்டை என்று நிறுத்துங்கள்.

உணவு விநியோகச் செயலி வழியாக வரும் ஆர்டருக்கு முத்திரை இல்லை என்றால் அதையும் எழுதவேண்டும். செயலி நிறுவனத்துக்குக் கடை கமிஷன் கொடுக்கிறது, அதில் இலவச ரோலுக்கு மிச்சமில்லை. தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கடையில் வந்து எடுப்பவருக்கு உண்டு. இலவசமாகப் பெற்ற ரோலுக்கு முத்திரை இல்லை, வித்தியாசம் கொடுத்து வாங்கிய மட்டன் ரோலுக்கும் இல்லை.

இனி அட்டையை மறந்துவிட்டு வருபவர். “பில்லைக் கொண்டுவந்தால் பிறகு குத்தித்தருவோம்” என்று பல கடைகள் வாக்குக் கொடுக்கின்றன. பழைய பில்களைப் படித்துப்பார்க்கும் வேலை கல்லாவை முடக்கும். அதற்குப் பதில் புது அட்டை ஒன்றில் அன்றைய முத்திரையைக் குத்திக்கொடுங்கள். இரண்டு, மூன்று அட்டைகளில் உள்ள முத்திரைகளைச் சேர்த்து எட்டாகக் கணக்கிடலாம் என்று குறிப்பில் எழுதுங்கள். ஏமாற்றுவார்களோ என்று உரிமையாளர்கள் தயங்குவார்கள். ஒவ்வொரு முத்திரைக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார், அவை எந்த அட்டையில் இருந்தால் என்ன? தொலைந்த அட்டைக்கு மட்டும் மாற்று கிடையாது, ஏனென்றால் அதில் எத்தனை இருந்தன என்பதற்குச் சாட்சியில்லை.

அட்டையில் தொலைபேசி எண் எழுத இடம் விடவேண்டாம். எண்ணை வாங்கினால் அதைக் காப்பதும், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்வதும் 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் பொறுப்பாகிவிடும். ஒரு ரோலுக்கு அது அதிகம்.

5. தேதிகள்: ஒன்றல்ல, மூன்று

தேதியில்லாத குறிப்பு வாட்ஸ்அப்பில் படமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் யாராவது அதைக் காட்டுவார்கள். ஆகவே தொடங்கும் தேதியை ஆண்டோடு எழுதுங்கள். அடுத்து, புது அட்டை கொடுப்பது நிற்கும் நாள். மூன்றாவது, முத்திரையும் பரிசும் நிற்கும் கடைசி நாள். பின்னிரண்டையும் ஒரே நாளாக வைப்பது பரவலான பிழை. கடைசி வாரத்தில் அட்டை வாங்கியவர் எட்டு ரோலை எப்போது சாப்பிடுவார்?

“முதல் முத்திரையிலிருந்து ஆறு மாதம்” என்று ஒவ்வோர் அட்டைக்கும் தனிக் காலம் வைக்கலாம்தான். ஆனால் கல்லாக்காரர் ஒவ்வொரு தடவையும் பேனாவால் தேதி எழுதவேண்டும், நெரிசலில் மறந்துபோவார். எல்லா அட்டைக்கும் ஒரே கடைசி நாளை அச்சிட்டுவிடுவதே மேல்.

இடைவெளி எவ்வளவு? வாரம் ஒரு ரோல் வாங்குபவருக்கு எட்டு வாரம் போதும் என்று கணக்குப்போட்டு மூன்று மாதம் வைக்கிறார்கள். நம் ஊரில் அது போதாது. ஆகஸ்டில் அட்டை வாங்கியவருக்கு செப்டம்பர் நடுவில் புரட்டாசி வந்துவிடும். பலர் அந்த மாதம் முழுவதும் மாமிசத்தைத் தொடமாட்டார்கள். மட்டன் வேகும் அடுப்பிலேயே வேகும் பீன்ஸையும் வாங்கமாட்டார்கள். டிசம்பர் நடுவில் தொழிற்சாலைகள் மூடினால் ஜனவரிவரை மதியக் கூட்டம் இல்லை. அது முடிந்ததும் தைப்பூசக் காவடி விரதம். ஆறு மாதம் விட்டால் யாருக்கும் குறையிருக்காது.

இன்னொன்று. தீபாவளிக்கு முந்தைய நாள்களில் கடை முழுவதும் பலகார ஆர்டரில் மூழ்கியிருக்கும், இலவச ரோல் தர ஆளிருக்காது. “அந்த வாரம் பரிசு கிடையாது” என்று முந்தைய நாள் பலகை எழுதித் தொங்கவிட முடியாது. மேலே சொன்ன 35ஆம் பிரிவின்படி, இப்படி நிறுத்திவைக்க 20 வேலைநாள்கள் முன்னதாக எழுத்தில் அறிவிக்கவேண்டும், ஓராண்டில் நிறுத்தும் நாள்களின் கூட்டுத்தொகை 90ஐத் தாண்டக்கூடாது. 20 வேலைநாள் என்றால் குறைந்தது நான்கு வாரம். இடையில் செப்டம்பர் 24, பாரம்பரிய தின விடுமுறை வந்தால் அதையும் கழித்து எண்ணுங்கள்.

6. இப்போது முதல் இரண்டு வரிகள்

இன்ஸ்டாகிராமில் ஒரு குறிப்புக்கு 2,200 எழுத்துகள்வரை இடம் உண்டு. ஆனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது தொடக்கம் மட்டுமே, மீதியைத் தொட்டுத்தான் விரிக்கவேண்டும். ஃபேஸ்புக்கிலும் நீளமான பதிவு அப்படித்தான் மடிந்திருக்கும். எனவே எத்தனை வாங்கவேண்டும், என்ன கிடைக்கும், எந்தக் கடை என்ற மூன்றும் மடிப்புக்கு மேலே வந்துவிடவேண்டும். “அன்பான வாடிக்கையாளர்களே, உங்கள் பேராதரவுக்கு நன்றி” என்று தொடங்கினால் அந்த இடம் முழுவதும் நன்றியிலேயே கரைந்துபோகும்.

தமிழில் எழுதும்போது இடம் விரைவாகத் தீரும் என்பதும் நினைவிருக்கட்டும். ‘கி’ என்பது நமக்கு ஓரெழுத்து, கணினிக் கணக்கில் ‘க’வும் குறியுமாக இரண்டு.

7. எல்லாவற்றையும் சேர்த்து

மேலே முடிவுசெய்தவற்றை வைத்து நான் எழுதும் குறிப்பு இது:

> எட்டு ரொட்டி ரோல் வாங்குங்கள், ஒன்பதாவது இலவசம்.
> சாட்ஸ்வொர்த் கடையில் மட்டும், 1 மார்ச் 2026 முதல்.
>
> முத்திரை சேர்ப்பது: முதல் ரோல் வாங்கும்போது கல்லாவில் அட்டையைக் கேளுங்கள், அட்டைக்குக் கட்டணமில்லை. எந்த ரோல் வாங்கினாலும் ரோலுக்கு ஒரு முத்திரை. ஒரு பில்லுக்கு அதிகபட்சம் எட்டு. அட்டையை மறந்தால் புது அட்டையில் குத்தித்தருவோம், அட்டைகளைச் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். செயலி வழி ஆர்டருக்கும் இலவச ரோலுக்கும் பரிசில் வித்தியாசம் கொடுத்து வாங்கும் மட்டன் ரோலுக்கும் முத்திரை இல்லை.
>
> பரிசு பெறுவது: எட்டு முத்திரை சேர்ந்த மறுநாளிலிருந்து, கடை திறந்திருக்கும் எந்த நேரத்திலும். ஆர்டர் சொல்லும்போதே அட்டையைக் கொடுங்கள். ஒரு பீன்ஸ் ரோல் அல்லது உருளைக்கிழங்கு ரோல் உங்களுக்கு. வேறெதுவும் வாங்கவேண்டியதில்லை. மட்டன் ரோல் விரும்பினால் அன்றைய விலை வித்தியாசத்தை மட்டும் தாருங்கள்.
>
> தேதிகள்: புது அட்டை 30 நவம்பர் 2026 வரை. முத்திரையும் பரிசும் 31 மே 2027 வரை. தொலைந்த அட்டைக்கு மாற்று இல்லை. அட்டையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

“35 ராண்ட்” என்று எழுதாமல் “அன்றைய விலை வித்தியாசம்” என்று வைத்திருப்பதைப் பாருங்கள். 2027 மே மாதத்துக்குள் மட்டன் விலை ஏறாது என்று எந்தக் கடைக்காரரும் சத்தியம் செய்யமாட்டார். “நிர்வாகத்தின் முடிவே இறுதியானது” என்ற வழக்கமான வரியையும் சேர்க்கவில்லை. விதி தெளிவாக இருக்கும் இடத்தில் அந்த வரிக்கு வேலையில்லை, தெளிவில்லாத இடத்தில் அது யாரையும் சமாதானப்படுத்தப்போவதில்லை.

8. வெளியிடும் முன் ஒரு சோதனை

குறிப்பை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். உறவினரானாலும் சரி, பக்கத்துக் கடைக்காரரானாலும் சரி. விளக்கம் எதுவும் சொல்லாமல் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: “இன்று எட்டு பீன்ஸ் ரோல் வாங்கினால் இன்றே என்ன கிடைக்கும்? நாளை மட்டன் ரோல் வேண்டுமானால் எவ்வளவு தரவேண்டும்? அட்டை வீட்டில் இருந்தால்? டிசம்பரில் புது அட்டை கிடைக்குமா?”

நம் குறிப்பின்படி பதில்கள்: இன்று எட்டு முத்திரை மட்டும், பரிசு நாளை முதல்; தற்போதைய விலையில் 35 ராண்ட்; புது அட்டையில் முத்திரை; கிடைக்காது. அவர் ஏதாவது ஒன்றில் தயங்கினால் வாயால் விளக்கவேண்டாம். அந்த வரியைத் திருத்தி எழுதி, வேறொருவரிடம் கொடுங்கள். ஒருமுறை விளக்கம் கேட்டவருக்குக் குழப்பமான வரியும் தெளிவாகத்தான் தெரியும்.

அடுத்து, குறிப்பின் அச்சுப்படி ஒன்றைக் கல்லாவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். வேலைக்குப் புதிதாக வந்தவர் வாடிக்கையாளர் வாசித்த அதே வரியைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். குறிப்பைப் பின்னால் திருத்த நேர்ந்தால் பழையதை ஓசைப்படாமல் மாற்றிவிடாதீர்கள். பலர் அதைப் படமெடுத்து வைத்திருப்பார்கள். திருத்திய தேதியைக் கீழே எழுதி, அதற்குமுன் அட்டை வாங்கியவர்களுக்குப் பழைய விதியே பொருந்தும் என்று சேர்த்துவிடுங்கள், உள்பக்கம் ஒட்டியதையும் அன்றே மாற்றுங்கள்.